தனியாகக் கேட்டால் சுத்தம், சேர்த்தால் கலங்கல்: ஹை-பாஸ் ஃபில்டரை எங்கே, எவ்வளவு வைப்பது

வீட்டில் பதிவு செய்து வீட்டிலேயே மிக்ஸ் பண்ணுகிறவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது: "ஒவ்வொரு டிராக்கையும் சோலோவில் கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் கம்பளியைப் போர்த்திய மாதிரி ஆகிவிடுகிறது." பேஸ் கிட்டார் எந்தச் சுரம் வாசிக்கிறது என்று தெரியாது, கிக் தொம் என்று விழாது, குரலுக்குப் பின்னால் ஏதோ ஒன்று உறுமிக்கொண்டே இருக்கும். பேஸைக் கூட்டினால் உறுமல் கூடும், குறைத்தால் பாட்டு காலில்லாமல் மிதக்கும்.

இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து, பேஸ் அல்லாத வாத்தியங்களில் எல்லாம் ஹை-பாஸ் ஃபில்டர் போடுவது. குறிப்பிட்ட ஒரு அதிர்வெண்ணுக்கு மேலே இருப்பதை விட்டுவிட்டு, கீழே போகப் போக ஒலியை மேலும் மேலும் அடக்கும் ஃபில்டர் அது. சில கருவிகளில் `HPF` என்றும் சிலவற்றில் `Low Cut` என்றும் எழுதியிருக்கும், இரண்டும் ஒன்றுதான். மருந்து சரியானது. ஆனால் எத்தனை ஹெர்ட்ஸில் வைப்பது என்று பட்டியலைப் பார்த்து வைத்தால் ஒரு கலங்கல் போய் வேறு கோளாறு வரும். அதனால் காதில் படும் அறிகுறியை வைத்தே போவோம்.

உதாரணத்துக்கு, சில மாதங்களுக்கு முன் நண்பர் ஒருவருக்காக நான் மிக்ஸ் செய்த பாடலையே எடுத்துக்கொள்கிறேன். ஆண் குரல், இரண்டு கட்டை. பிரதான குரல் ஒன்று, அதையே திரும்பப் பாடி எடுத்தவை இரண்டு, கோரஸ் இரண்டு, இடமும் வலமுமாக இரண்டு அக்கூஸ்டிக் கிட்டார், ஒரு புல்லாங்குழல். ஆக, மைக்கில் எடுத்தவை எட்டு டிராக். இவை போக கீபோர்டு பேட், ஒரு ஷேக்கர் லூப், பேஸ், கிக். எல்லாம் பத்துக்குப் பத்து அறையில், மின்விசிறி ஓட ஓட எடுத்தவை. ஏப்ரல் மாதத்தில் விசிறியை நிறுத்திவிட்டுப் பாடு என்று யாரிடம் சொல்வது?

முதலில் ஒரு சோதனை: அடியில் யார் யார் இருக்கிறார்கள்?

ஃபில்டர் போடுவதற்கு முன் அடியில் என்ன கிடக்கிறது என்று கேட்டுவிடுங்கள். மாஸ்டர் டிராக்கில் தற்காலிகமாக ஒரு ஈக்யூ போட்டு, ஹை-பாஸுக்கு நேர் எதிரான லோ-பாஸ் ஃபில்டரை 100 ஹெர்ட்ஸில் வையுங்கள். நான் `REAPER` பயன்படுத்துகிறேன். அதிலுள்ள `ReaEQ`-வில் ஒரு பேண்டின் `Type`-ஐ `Low Pass` என்று மாற்றினால் போதும். சரிவு போதவில்லை என்றால் இன்னொரு பேண்டையும் அதே இடத்தில் அப்படியே வைக்கலாம். பிறகு பேஸையும் கிக்கையும் மியூட் செய்துவிட்டு, ஹெட்ஃபோனில் பாட்டை ஓட்டுங்கள்.

நியாயமாகப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்றும் கேட்கக் கூடாது. என் நண்பர் பாட்டில் ஒரு தனிக் கச்சேரியே நடந்துகொண்டிருந்தது. விசிறியின் கும்மென்ற இரைச்சல் விடாமல் ஓடியது. 'ப', 'பு' வரும் இடமெல்லாம் மைக்கில் காற்று மோதிய டம் டம். பாடகர் காலால் தாளம் போட்டது ஸ்டாண்டு வழியாக ஏறியிருந்தது. கிட்டார்காரர் உள்ளங்கை மரத்தில் பட்ட தட்டல் இருந்தது. இவற்றுக்கெல்லாம் மேலே பேடின் இடது கை, பேஸ் வாசிக்க வேண்டிய அதே சுரங்களை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது.

டிராக்குகளை ஒவ்வொன்றாக மியூட் செய்து எது எவ்வளவு கொடுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்தச் சோதனையில் காது கேட்பதற்காக வால்யூமை ஏற்றியிருப்பீர்கள். லோ-பாஸை எடுப்பதற்கு முன் மறக்காமல் இறக்கிவிடுங்கள். மறந்து ஒருமுறை நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

சோலோவில் கேட்டபோது இதெல்லாம் ஏன் தெரியவில்லை? ஒரு டிராக்கில் விசிறி இரைச்சல் மிகக் குறைவு. குரலே அதை மறைத்துவிடும். தனித்தனி நேரத்தில் எடுத்த டிராக்குகளின் இரைச்சல் சேரும்போது, டிராக் எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 3 டெசிபல் கூடுகிறது. எட்டு டிராக் என்றால் 9 டெசிபல். ஒவ்வொன்றிலும் கம்ப்ரஸர் போட்டு அளவைத் தூக்கியிருந்தால் இரைச்சலும் கூடவே தூக்கப்பட்டிருக்கும். தனியாகக் கேட்டு இதைக் கண்டுபிடிக்க முயல்வதில் பயனில்லை.

அறிகுறி: சேர்த்தால் கலங்கல், பேஸ் சுரம் தெரியவில்லை

இதுதான் மூல வியாதி, ஹை-பாஸ் நேராக வேலை செய்யும் இடமும் இதுதான்.

குரலிலிருந்து தொடங்கினேன். கட்-ஆஃப் எங்கே என்று முடிவு செய்ய, அந்தப் பாட்டில் அந்தக் குரல் தொடும் மிகத் தாழ்ந்த சுரம் என்ன என்று பார்க்க வேண்டும். நமக்குக் கட்டைக் கணக்கு தெரிந்திருப்பதால் இது சுலபம். ஆண் குரலுக்கு ஒரு கட்டை என்றால் ஆதார சட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ், இரண்டு கட்டை என்றால் 147. பெண் குரலில் ஐந்து கட்டை என்றால் 196. பாட்டு மந்தர ஸ்தாயி பஞ்சமம் வரை இறங்குகிறது என்றால் சட்ஜத்தை முக்காலால் பெருக்குங்கள்: ஒரு கட்டைக்கு 98, இரண்டு கட்டைக்கு 110, பெண்ணின் ஐந்து கட்டைக்கு 147. அதற்குக் கீழே அந்தக் குரலிலிருந்து இசை என்று எதுவும் வராது. வருவதெல்லாம் விசிறி, கால், காற்று.

என் பாட்டில் சரணத்தின் இரண்டாவது வரி 110-ஐத் தொட்டது. எல்லா டிராக்கும் ஓடும்போது அந்த வரியைத் திரும்பத் திரும்ப ஓட்டி, குரலின் ஹை-பாஸை 20 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக மேலே நகர்த்தினேன். 140-க்கு வந்தபோது குரலின் நெஞ்சுப் பகுதி மெலிந்தது தெரிந்தது. அங்கிருந்து பின்வாங்கி 95-இல் நிறுத்தினேன். நகர்த்தும்போது வேகம் கூடாது; ஒரு வரி முழுக்க ஓடும் நேரத்தில் பத்து இருபது ஹெர்ட்ஸ் ஏறினால் போதும்.

95 என்று வைத்தால் 95-இல் சுவர் எழுப்பியதாக நினைக்க வேண்டாம். ஒரு ஆக்டேவுக்கு 12 டெசிபல் என்ற சாதாரணச் சரிவில், கட்-ஆஃப் புள்ளியிலேயே ஒலி 3 டெசிபல் குறைந்திருக்கும். 110-இல் உள்ள பஞ்சமம் சுமார் 2 டெசிபல் இழக்கும். 40 ஹெர்ட்ஸ் பக்கம் உள்ள விசிறி இரைச்சல் சுமார் 15 டெசிபல் இழக்கும். அந்த 2 டெசிபலும் குரலுக்கு வலிக்கும் என்று தோன்றினால் 80-க்கு இறக்கலாம். அப்போது பஞ்சமத்துக்கு 1 டெசிபல் நஷ்டம், விசிறி 12 டெசிபல் போகும். நான் 95-ஐயே வைத்துக்கொண்டேன். மைக்கை உதட்டுக்கு மிக அருகில் வைத்துப் பாடியிருந்ததால் குரலின் அடிப்பகுதி ஏற்கெனவே ஊதியிருந்தது. கார்டியாய்ட் மைக் பக்கத்தில் வந்தால் அப்படித்தான் ஊதும்.

திரும்பப் பாடிய இரண்டு டிராக்குக்கும் இந்த மரியாதை தேவையில்லை. அவை பிரதான குரலுக்கு அகலம் கொடுக்க வந்தவை, உடம்பு கொடுக்க அல்ல. அவற்றை 170-க்கு ஏற்றினேன். கோரஸும் அப்படியே. தனியாகக் கேட்டால் டெலிஃபோனில் பாடுவது போல இருக்கும். சோலோவில் கேட்காதீர்கள், அவ்வளவுதான்.

கிட்டாரில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. கிட்டாரின் கீழ் தந்தி 82 ஹெர்ட்ஸ். அதனால் 80-இல் வைக்கச் சொல்வார்கள். பேஸ் வாசிக்கும் பாட்டில் அந்த 82 ஹெர்ட்ஸ் யாருக்கு வேண்டும்? பல்லவியிலும் சரணத்திலும் கிட்டாரின் வேலை சக்-சக் என்ற தாளம்தான். 160 வரை ஏற்றியும் மிக்ஸில் ஒரு குறையும் தெரியவில்லை. பேஸ் மட்டும் முதல்முறையாக முகம் காட்டியது. ஆனால் பாட்டின் தொடக்கத்தில் எட்டு தாள அளவுக்குக் கிட்டார் தனியாக மீட்டுகிறது. அங்கே 160 வைத்தால் டப்பா கிட்டார் போல இருந்தது. எனவே அந்த எட்டு அளவை வெட்டி வேறு டிராக்கில் போட்டு, அதற்கு 70 ஹெர்ட்ஸ் மட்டும் வைத்தேன். பேஸ் நுழையும் இடத்தில் 160 உள்ள டிராக் எடுத்துக்கொள்கிறது. மாற்றம் யாருக்கும் தெரிவதில்லை, ஏனென்றால் கிட்டார் விட்ட இடத்தை அதே நொடியில் பேஸ் நிரப்பிவிடுகிறது.

புல்லாங்குழலில் மிகத் தாழ்ந்த சுரமே அந்தப் பதிவில் 290 ஹெர்ட்ஸ் பக்கம் இருந்தது. 200-இல் வைத்ததும் ஊதும் காற்று மைக்கில் மோதிய புஸ் போய்விட்டது.

பேடுக்கு ஃபில்டரே போடவில்லை. இடது கை வாசித்த சுரங்களை மிடியில் தேர்ந்தெடுத்து அழித்துவிட்டேன். தேவையில்லாத சுரத்தை வாசிக்க வைத்துவிட்டு, பிறகு அதை ஃபில்டரால் அடக்குவது வீண் வேலை. கீபோர்டு வாசிப்பவர்கள் தனியாக உட்கார்ந்து வாசித்துப் பழகியதால் இடது கை தானாகவே ஆதார சுரத்தில் போய் விழும்; பேஸ் இருக்கும் பாட்டில் அந்தக் கைக்கு ஓய்வு கொடுக்கலாம்.

இவ்வளவும் செய்தபின் பேஸ் ஃபேடரைத் தொடாமலே பேஸ் கேட்டது. மாஸ்டரில் உள்ள லிமிட்டர் முன்பு 5, 6 டெசிபல் அமுக்கிக்கொண்டிருந்தது. இப்போது 2, 3 என்று ஆடியது. காதுக்கு எட்டாத உறுமலை அமுக்கவே அது அவ்வளவு நேரம் உழைத்திருக்கிறது.

அறிகுறி: கலங்கல் போயிற்று, பாட்டே மெலிந்துவிட்டது

உற்சாகத்தில் எல்லோரும் செய்யும் தவறு. ஒவ்வொரு டிராக்கிலும் "கொஞ்சம்தானே" என்று 150, 180 என வைத்துக்கொண்டே போனால் 100 முதல் 200 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் குடியிருக்க ஆளே இல்லாமல் போகும். கீழே பேஸ் ஒரு மாடியில், மேலே குரல் ஒரு மாடியில், நடுவில் படிக்கட்டு இல்லை. காரில் கேட்டால் இது உடனே தெரியும்: பேஸ் தனியாக இடிக்கும், பாட்டு தனியாகக் கீச்சிடும்.

எல்லா ஃபில்டரையும் தளர்த்த வேண்டாம். அந்தப் பகுதியை யார் தாங்க வேண்டும் என்று முடிவு செய்து அந்த ஒருவரை மட்டும் விடுவியுங்கள். பெரும்பாலும் அது பிரதான குரல். குரல் மேலே மேலே பாடும் பாட்டு என்றால் கிட்டார்களில் ஒன்றாக இருக்கலாம். நான் இடது கிட்டாரை மட்டும் 110-க்கு இறக்கிப் பார்த்தேன். பாட்டுக்கு உடம்பு திரும்பியது, பேஸும் மறையவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

பேஸும் கிக்கும் இல்லாத பாட்டுக்கு இந்தக் கட்டுரையில் சொன்ன எண்கள் எதுவும் பொருந்தாது. குரலும் ஒரே ஒரு கிட்டாரும் என்றால் அந்தக் கிட்டார்தான் பேஸ். அதில் 60, 70-க்கு மேலே போக வேண்டாம். மிருதங்கமும் அப்படித்தான். தாள வாத்தியம்தானே என்று 120-இல் வெட்டுகிறவர்கள் உண்டு. தொப்பியின் கும்காரம் முழுக்கப் போய், வலந்தலை மட்டும் தட்டிக்கொண்டிருக்கும். தொப்பி ஒரு பேஸ் வாத்தியம். ஒரே மைக்கில் எடுத்த மிருதங்கத்துக்கு 40 ஹெர்ட்ஸ் பக்கம் வைத்து மேடை அதிர்வை மட்டும் எடுங்கள். தபலாவின் இடது கைக்கும் இதே நியாயம்தான்.

அறிகுறி: எல்லாவற்றிலும் ஃபில்டர் இருக்கிறது, கலங்கல் அப்படியே இருக்கிறது

அப்படியென்றால் உங்கள் கலங்கல் அடியில் இல்லை, அதற்கு ஒரு மாடி மேலே இருக்கிறது. வீட்டு மிக்ஸ்களில் மொத்தை என்று நாம் உணர்வது பல நேரம் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை குவிந்த ஒலி. கிட்டார்ப் பெட்டியின் உள்ளோசை, பேடின் நடுப்பகுதிச் சுரங்கள், சின்ன அறைச் சுவர்களில் பட்டுத் திரும்பிய குரல் எல்லாம் அங்கேதான் கூடுகின்றன. இதை ஹை-பாஸால் தீர்க்கப் போனால் 300 வரை ஏற்ற வேண்டியிருக்கும். வாத்தியமே மிஞ்சாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? பேஸையும் கிக்கையும் மியூட் செய்யுங்கள். கலங்கல் பெருமளவு குறைந்தால் சண்டை அடியில் நடக்கிறது. அவை இல்லாமலும் கலங்கல் இருந்தால் அது மேலே உள்ள சமாச்சாரம். அங்கே சாதாரண ஈக்யூ பேண்டை எடுத்து, ஒரு ஆக்டேவ் அகலத்தில், 250-க்கும் 350-க்கும் நடுவில் 2, 3 டெசிபல் இறக்கிப் பாருங்கள். எல்லா டிராக்கிலும் வேண்டாம்; நெடுநேரம் நீட்டி ஒலிக்கும் பேட், கோரஸ் போன்றவற்றில் செய்தால் போதும். குரலைக் கடைசியாகத் தொடுங்கள்.

இன்னொரு ஒளிவிடம் ரிவெர்ப். டிராக்குகளில் எல்லாம் ஃபில்டர் போட்டுவிட்டு ரிவெர்ப் டிராக்கை மறந்துவிடுவோம். குரலில் 95 வைத்திருந்தாலும் 120 முதல் 300 வரை உள்ளது ரிவெர்புக்குப் போய், இரண்டு மூன்று விநாடி சுற்றிக்கொண்டே இருக்கும். முந்தைய வார்த்தையின் அடியோசை அடங்குமுன் அடுத்த வார்த்தை வந்துவிடும். நான் ரிவெர்ப் டிராக்கில், ரிவெர்ப் ப்ளக்-இன்னுக்கு முன்னால், 300-இல் ஒரு ஹை-பாஸ் வைத்தேன். ரிவெர்ப் குறைந்ததாகத் தோன்றவில்லை, வார்த்தைகள் பிரிந்து கேட்டன. சில பாடல்களில் இந்த ஒன்றைச் செய்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மூன்றாவது சாத்தியம், கலங்கல் மிக்ஸிலேயே இல்லாமல் அறையில் இருப்பது. பத்து அடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் இரண்டு சுவர்கள் 56 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலியைப் பிடித்துவைத்து ஊதும். நீளமும் அகலமும் இரண்டும் பத்து அடி என்றால் இரண்டு ஜோடிச் சுவர்களும் ஒரே சுரத்தில் ஊதும். பேஸில் ஒரு குறிப்பிட்ட சுரம் வரும்போது மட்டும் கும்மென்கிறதா? நாற்காலியை இரண்டடி முன்னால் தள்ளினால் மாறுகிறதா? ஹெட்ஃபோனில் அது இல்லையா? அப்படியானால் ஃபில்டரை விட்டுவிட்டு ஸ்பீக்கரையும் நாற்காலியையும் நகர்த்துங்கள். அறைக்காக மிக்ஸை வெட்டினால் வேறு இடத்தில் கேட்கும்போது அந்த இடம் பள்ளமாகத் தெரியும்.

அறிகுறி: ஃபில்டர் போட்டபின் மீட்டர் ஏறுகிறது

ஒலியை எடுத்தால் மீட்டர் இறங்கத்தானே வேண்டும்? ஃபில்டர் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். சாதாரண ஹை-பாஸ், கட்-ஆஃப் பக்கத்திலுள்ள ஒலிகளின் கட்டத்தை, அதாவது அலை எப்போது ஏறி எப்போது இறங்குகிறது என்ற ஒழுங்கை, கொஞ்சம் நகர்த்துகிறது. முன்பு ஒன்றின் மேடும் இன்னொன்றின் பள்ளமும் சந்தித்து அடங்கியிருந்த இடத்தில் இப்போது மேடும் மேடும் சந்திக்கலாம். உச்சம் ஒன்றிரண்டு டெசிபல் ஏறும், காதுக்குச் சத்தம் கூடியிருக்காது. ஃபேடரை அதற்கேற்ப இறக்கிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

அறிகுறி: ஃபில்டர் போட்டதும் கிட்டார் குடைந்து எடுத்த மாதிரி ஆகிவிட்டது

ஒரே கிட்டாரை மைக்கிலும் பிக்-அப் கேபிளிலும் ஒரே நேரத்தில் எடுத்திருக்கிறீர்களா? மேலே சொன்ன கட்ட நகர்வு இங்கே நிஜமாகவே கெடுக்கும். மைக் டிராக்கில் மட்டும் 120-இல் ஹை-பாஸ் போட்டால் அதன் அலை நகர்கிறது, பிக்-அப் அலை நிற்கிற இடத்திலேயே நிற்கிறது. இரண்டும் சேரும்போது 100 முதல் 200 வரை ஒன்றையொன்று தின்னும். மைக் டிராக்கை மியூட் செய்தால் கிட்டார் *பெரிதாகிறது* என்றால் சந்தேகமே வேண்டாம், இதுதான்.

இரண்டு டிராக்கையும் ஒரே ஃபோல்டருக்குள்ளோ பஸ்ஸிலோ சேர்த்து, ஃபில்டரை அந்த ஒரு இடத்தில் மட்டும் வையுங்கள். இரண்டும் ஒன்றாகவே நகரும். வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று என இரண்டு மைக் வைத்து எடுத்த மிருதங்கத்திலும் இதைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு மைக்கிலும் மறுபக்கத்து ஒலி கசிந்திருக்கும்.

கட்டத்தை நகர்த்தாத லீனியர் ஃபேஸ் ஃபில்டர்கள் இருக்கின்றன. ஆனால் அவை அடி விழுவதற்குச் சற்று முன்னாலேயே மெல்லிய அதிர்வை உண்டாக்கலாம். தாள வாத்தியத்தில் அது அசிங்கம். நான் போட மாட்டேன்.

அறிகுறி: 'ப' வரும்போதெல்லாம் குரல் ஒரு கணம் அமுங்கி எழுகிறது

கம்ப்ரஸர் முதலிலும் ஃபில்டர் அதற்குப் பிறகும் இருக்கின்றன. காற்று மோதிய டம்மைக் கம்ப்ரஸர் பெரிய சத்தம் என்று நம்பிக் குரலையே அழுத்துகிறது. பிறகு ஃபில்டர் வந்து டம்மை எடுத்துவிடுகிறது, அழுத்தியது மட்டும் தங்கிவிடுகிறது. எஃபெக்ட் பட்டியலில் ஃபில்டர் உள்ள ஈக்யூவை இழுத்துக் கம்ப்ரஸருக்கு மேலே வைத்தால் தீர்ந்தது.

அப்படியும் ஒன்றிரண்டு 'ப' மிஞ்சும். அவற்றுக்காக முழுக் குரலின் கட்-ஆஃபை ஏற்ற வேண்டாம். அந்த எழுத்தை மட்டும், கால் விநாடிகூட இருக்காது, வெட்டிப் பிரித்து, அதற்கு மட்டும் 180-இல் ஒரு ஹை-பாஸ் போட்டு, இரண்டு ஓரத்திலும் சிறு ஃபேடு கொடுங்கள்.

அறிகுறி: உர்ர் என்ற மின்சார ஓசை போகவில்லை

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆனால் அந்த ஓசை 50-இல் மட்டும் நிற்பதில்லை. 100, 150, 200 என்று அதன் மடங்குகளிலும் ஏறிப் போகும். காதை உறுத்துவது பெரும்பாலும் அந்த மேல் மடங்குகள்தான். ஹை-பாஸை 100-இல் வைத்தால் 50 அடங்கும், மற்றவை சிரித்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு மடங்கிலும் மிகக் குறுகலான வெட்டு வைக்கலாம். அதைவிட, அடுத்த பதிவின்போது லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ஓசை நின்றால் கோளாறு எர்த்தில் இருக்கிறது, மிக்ஸில் தேட வேண்டியதில்லை.

அறிகுறி: ஃபில்டரை பை-பாஸ் செய்தாலும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை

ஒரு டிராக்கில் மட்டும் செய்து பார்த்தால் தெரியாமல் இருப்பதுதான் நல்லது. கேட்காத குப்பையைத்தானே எடுத்தோம். எல்லா ஃபில்டரையும் ஒரே நேரத்தில் பை-பாஸ் செய்யுங்கள், அப்போது பேஸை மட்டும் கவனியுங்கள். பேஸ் சுரங்கள் மங்கினால் ஃபில்டர்கள் வேலை செய்கின்றன. அப்போதும் மாறவில்லை என்றால், தொடக்கத்தில் சொன்ன லோ-பாஸ் சோதனைக்குத் திரும்பிப் போய் ஒவ்வொரு டிராக்காக அடியில் என்ன இருக்கிறது என்று மறுபடி கேளுங்கள். என் ஷேக்கர் லூப்பில் வழக்கத்துக்காக 400-இல் ஒன்று வைத்திருந்தேன். சோதித்துப் பார்த்தால் அந்த லூப்பை விற்பவர்களே முன்பு அடியைச் சுத்தமாக வெட்டித்தான் கொடுத்திருந்தார்கள். என்னுடையதை எடுத்துவிட்டேன்.